காறல் வாடை: எண்ணெயும் மாவும் கெடும் விதம்

சித்தூரிலோ திருப்பதியிலோ உள்ள ஒரு குடும்பத்தின் சமையலறை அலமாரியைச் சித்திரை மாதத்து நண்பகல் ஒன்றில் திறந்து பார்ப்போம். மேல்தட்டில் தலைக்கும் தாளிதத்திற்குமாக ஒரு புட்டி தேங்காய் எண்ணெய். நடுத்தட்டில் ஊரிலிருந்து வந்த செக்குக் கடலை எண்ணெய், ஐந்து லிட்டர்க் கேன் ஒன்றில் பாதியளவு. கீழ்த்தட்டில் கம்பு மாவும் கோதுமை மாவும் நிறைந்த டப்பாக்கள். வெளியே வெயில் நாற்பது பாகையைத் தாண்டி நிற்கிறது. அலமாரியைத் திறந்தவுடன் இன்ன பொருளிலிருந்து என்று சொல்ல இயலாத ஒரு வாடை முகத்தில் அடிக்கிறது. எண்ணெயில் வந்தால் இதைச் சிக்கு வாடை என்றும் காறல் என்றும் சொல்கிறோம். மாவில் வந்தால் அக்கம்பக்கத்தில் தெலுங்கு பேசுவோர் முக்க வாசனை என்பர்.

மூன்று பொருள்களிலும் வாடை ஒன்றுபோலத் தோன்றினாலும் அவை கெட்ட காரணம் ஒன்றன்று. தேங்காய் எண்ணெயைப் பெரும்பாலும் கெடுப்பது நீர். கடலை எண்ணெயைக் கெடுப்பது காற்று. மாவைக் கெடுப்பது அதனுள்ளேயே இருக்கும் ஒரு நொதி. காரணம் வேறாதலால் காக்கும் முறையும் வேறாகிறது. இந்த வேறுபாட்டை அறியாமல் எல்லாவற்றையும் ஒரே விதமாகப் பாதுகாக்க முற்படுவதால்தான், எவ்வளவு கவனமாக மூடி வைத்தும் சில வீடுகளில் ஆண்டுதோறும் எண்ணெயும் மாவும் வீணாகின்றன.

வாடையை அறிவது எப்படி?

முதலில் நம் மூக்கின் குறை ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நாள்தோறும் ஒரே டப்பாவைத் திறக்கும் ஒருவருக்கு அதில் சிறிது சிறிதாக ஏறும் வாடை தெரிவதில்லை. ஊரிலிருந்து வந்த விருந்தினர் முதல் கவளத்திலேயே முகம் சுளிப்பார். வீட்டாருக்கோ ஒன்றும் விளங்காது. ஆகவே பழைய எண்ணெயைத் தனியே முகர்ந்து பார்ப்பதைவிட, நல்ல எண்ணெய் ஒன்றோடு ஒப்பிட்டு முகர்வதே சரியான சோதனை. புதிதாக எண்ணெய் வாங்கியவுடன் ஒரு சிறிய மருந்துப் புட்டியைக் கழுவி உலர்த்தி, அதன் கழுத்துவரை அந்த எண்ணெயை நிரப்பி, இறுக மூடிக் குளிர்பெட்டியில் வைத்துவிடலாம். பிறகு ஐயம் எழும்போதெல்லாம் அதுவே அளவுகோலாக அமையும்.

ஒப்பிடும்போது எண்ணெயைச் சற்றே சூடாக்க வேண்டும். வாடை தரும் பொருள்கள் ஆவியாகக்கூடியவை. குளிர்ந்த எண்ணெயில் அவை அடங்கிக் கிடக்கும். இரண்டு கரண்டிகளில் இரு எண்ணெய்களையும் எடுத்து, கை பொறுக்கும் சூடுள்ள நீரின்மேல் சிறிது நேரம் பிடித்திருந்து, ஒன்றன்பின் ஒன்றாக முகர்ந்தால் வேறுபாடு உடனே புலப்படும். பிறகு ஒரு துளியை நாவில் இட்டுப் பார்க்கலாம். கெடத் தொடங்கிய எண்ணெய் நாவில் பெரிதாக எதையும் காட்டாமல், விழுங்கிய பின் தொண்டையில் ஒரு கரகரப்பை விட்டுச் செல்லும். அந்தக் கரகரப்பே காறல்.

வாடையின் தன்மையும் காரணத்தைச் சொல்லும். தேங்காய் எண்ணெயில் சோப்புக் கட்டியின் நெடி வந்தால் நீர் அதைக் கெடுத்திருக்கிறது. கடலை எண்ணெயில் பழைய வண்ணப்பூச்சின் நெடியோ, நாட்பட்ட வறுகடலைப் பொட்டலத்தின் நெடியோ வந்தால் காற்று கெடுத்திருக்கிறது. மாவில் கசப்பு முந்திக்கொண்டு வரும், வாடை பின்னால் வரும். இவற்றுக்கெல்லாம் வேறானது மக்கல் வாடை. ஈரமான சாக்கில், மழைக்கு நனைந்த சுவரில் வருவது போன்ற அந்த வாடை பூசணம் பிடித்ததன் அடையாளம். அதைக் காறலோடு குழப்பிக்கொள்ளலாகாது.

தேங்காய் எண்ணெய்: நீரால் வரும் கேடு

எண்ணெய் எதுவாயினும் அதன் அடிப்படை அமைப்பு ஒன்றே. ஒரு கிளிசரால் மூலக்கூற்றோடு மூன்று கொழுப்பு அமிலங்கள் பிணைந்திருக்கின்றன. அவ்வாறு பிணைந்திருக்கும்வரை அவற்றுக்கு வாடை இல்லை. அமிலங்களின் வகை மாறுவதால்தான் ஓர் எண்ணெய் மற்றோர் எண்ணெயினின்று வேறுபடுகிறது.

தேங்காய் எண்ணெயின் அமிலங்களில் ஏறத்தாழ 90 விழுக்காடு செறிவுற்றவை. செறிவுற்ற அமிலத்தில் காற்றிலுள்ள ஆக்சிஜன் வந்து பற்றிக்கொள்ள இடமில்லை. எனவே காற்றுக்குத் தேங்காய் எண்ணெய் எளிதில் இளகுவதில்லை. அதன் பலவீனம் வேறிடத்தில் இருக்கிறது. அதிலுள்ள அமிலங்களில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம். அதனினும் சிறிய அமிலங்களும் சில உண்டு. இவை பிணைப்பினின்று விடுபட்டால் மிகக் குறைந்த அளவிலேயே நாவிலும் மூக்கிலும் தெரிந்துவிடும். கடலை எண்ணெயின் அமிலங்கள் நீளமானவை. அவை விடுபட்டாலும் அவ்வளவாக வாடை எழாது. சோப்புத் தயாரிப்பில் தேங்காய் எண்ணெய் பெரிதும் பயன்படுவதை எண்ணிப் பார்த்தால், விடுபட்ட லாரிக் அமிலம் ஏன் சோப்பை நினைவூட்டுகிறது என்பது விளங்கும்.

அமிலத்தைப் பிணைப்பினின்று விடுவிப்பது நீர். நீரோடு பூசணமும் அதன் நொதியும் சேர்ந்தால் அவ்வேலை விரைந்து நடக்கும். சில பூசணங்கள் விடுபட்ட அமிலங்களை மேலும் சிதைத்து, வாசனைத் திரவியத்தை ஒத்த ஒரு திகட்டும் நெடியைத் தரும் கீட்டோன்களாக மாற்றிவிடுவதும் உண்டு. ஆகவே தேங்காய் எண்ணெயின் கதை புட்டியில் தொடங்குவதில்லை, கொப்பரையிலேயே தொடங்கிவிடுகிறது.

முற்றிய தேங்காய்ப் பருப்பில் ஏறத்தாழ பாதியளவு நீர் இருக்கிறது. எண்ணெய் ஆட்டுவதற்கு முன் அந்த ஈரம் 6 விழுக்காட்டு அளவுக்கு இறங்கியாக வேண்டும். வெயிலில் காயவைக்கும்போது முதல் இரண்டு நாள்களே முக்கியமானவை. அந்நாள்களில் மேகம் மூடினாலோ, மாலையில் எடுத்துவைக்க மறந்து பனியில் நனையவிட்டாலோ பூசணம் வேர் கொண்டுவிடும். நன்கு காய்ந்த கொப்பரையை வளைத்தால் சட்டென்று ஒடியும். ரப்பர்போல் வளைந்து கொடுத்தால் ஈரம் மிச்சமிருக்கிறது. உட்புறத்தில் பச்சையாகவோ கறுப்பாகவோ படர்ந்த கொப்பரைத் துண்டுகளைத் துடைத்துவிட்டு ஆட்டுவது பலர் வழக்கம். அது பயன் தராது. பூசணத்தைத் துடைக்கலாம், அதற்குள் விடுபட்டுவிட்ட அமிலத்தைத் துடைக்க இயலாது. அந்த எண்ணெய் முதல் நாளிலேயே சோப்பு நெடியோடுதான் வரும்.

வீட்டில் செய்யத்தக்கது இதுதான். ஆட்டி வந்த எண்ணெயைப் பரந்த எவர்சில்வர்ப் பாத்திரத்தில் ஊற்றி மிதமான தீயில் வைத்தால் சிறு குமிழிகள் எழும். அவை எண்ணெயின் கொதிப்பல்ல. உள்ளே இருக்கும் நீர் ஆவியாகி வெளியேறுவதால் எழுபவை. குமிழி அடங்கியதும் நீர் தீர்ந்தது என்று பொருள். அப்பொழுதே இறக்கிவிட வேண்டும். ஆறியபின் மெல்லிய துணியில் வடித்து, முற்றிலும் உலர்ந்த புட்டிகளில் நிரப்பலாம். கறிவேப்பிலையையோ முருங்கையிலையையோ எண்ணெயில் போட்டு வைக்கும் வழக்கமும் இதே விதிக்கு உட்பட்டது. பச்சையிலையை அப்படியே போட்டால் நாம் எண்ணெய்க்குள் நீரைத்தான் சேர்க்கிறோம். சலசலப்பு அடங்கி இலை மொறுமொறுவென்று ஆகும்வரை பொரித்துவிட்டால் கேடில்லை.

குளிர் மாதங்களைப் பற்றியும் ஒரு சொல். பலமநேர் மேட்டு நிலத்தில் மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் வெண்ணெய்போல் உறைந்துவிடும். ஏறத்தாழ 24 பாகைக்குக் கீழே அவ்வாறு உறைவது அதன் இயல்பு. அது கெட்டதற்கோ கலப்படத்திற்கோ அடையாளமன்று. ஆனால் உறைந்த எண்ணெயில் வாடை மறைந்து கிடக்கும் என்பதால், உருக்கிய பிறகே முகர்ந்து பார்க்க வேண்டும். ஈரக் கையால் உறைந்த எண்ணெயைத் தோண்டி எடுப்பது பல வீடுகளில் நடப்பது. ஒவ்வொரு முறையும் சில துளி நீர் உள்ளே போகிறது. சிறிய வாய்ப் புட்டியில் நிரப்பி, வெந்நீரில் நிறுத்தி உருக்கி ஊற்றிக்கொள்வதே நலம்.

கடலை எண்ணெய்: காற்றால் வரும் கேடு

சித்தூர், திருப்பதி வட்டாரத்தின் மானாவாரி நிலங்களில் பன்னெடுங்காலமாக முதன்மைப் பயிர் வேர்க்கடலை. திருப்பதியிலுள்ள வேளாண் ஆராய்ச்சி நிலையம் நாராயணி, தரணி முதலிய ரகங்களை இந்நிலங்களுக்கெனவே உருவாக்கித் தந்தது. ஆனி, ஆடியில் விதைத்து ஐப்பசி, கார்த்திகையில் பறிக்கும் இப்பயிர் வீட்டுக்கு வரும் காலமும் வடகிழக்குப் பருவமழைக் காலமும் ஒன்றாக அமைந்துவிடுவதே இங்குள்ள இடர். 2021ஆம் ஆண்டு நவம்பரில் திருப்பதியையும் சித்தூர் மாவட்டத்தையும் சூழ்ந்த பெருமழையை நம் வாசகர் மறந்திருக்க மாட்டார்கள். அத்தகைய ஆண்டில் ஈரத்தோடு குவிந்து கிடந்த காய்களிலிருந்து வரும் எண்ணெய், செக்கிலிருந்து இறங்கும்போதே பாதி கெட்டதாக இருக்கும்.

நன்றாகக் காய்ந்த கடலையாயினும் அதன் எண்ணெய்க்குக் காற்று பகைதான். ஓர் எண்ணெயில் ஆக்சிஜன் பற்றத்தக்க இடங்கள் எத்தனை என்பதை வேதியியலார் அயோடின் எண் என்னும் அளவால் குறிப்பர். தேங்காய் எண்ணெய்க்கு அது 7.5 முதல் 10 வரை. கடலை எண்ணெய்க்கோ 85 முதல் 99 வரை. அவ்வளவு திறந்த கதவுகள் கடலை எண்ணெயில் இருக்கின்றன. அவற்றுள்ளும் லினோலிக் என்னும் அமிலமே மிக எளிதில் இடங்கொடுப்பது.

இந்தச் சிதைவின் போக்கைத் தெரிந்துகொண்டால் பல தவறுகள் தாமாகவே விலகும். ஆக்சிஜன் பற்றியதும் முதலில் பெராக்சைடு என்னும் பொருள் உண்டாகிறது. அதற்கு வாடையே இல்லை. கடலை எண்ணெயில் இயற்கையாக உள்ள வைட்டமின் ஈ இச்சிதைவைத் தடுத்து நின்று, தன்னையே செலவழித்துக்கொள்கிறது. அது தீரும்வரை எண்ணெய் நல்லதாகவே தோன்றும். தீர்ந்தபின் ஒவ்வொரு பெராக்சைடும் பக்கத்திலுள்ள மூலக்கூறுகளையும் சிதைவுக்கு இழுக்கிறது. பிறகு அவை உடைந்து ஆல்டிஹைடுகளாகி வாடையை எழுப்புகின்றன. பல வாரங்கள் நன்றாக இருந்த எண்ணெய் திடீரென்று சில நாள்களில் கெட்டுவிட்டதாக நமக்குத் தோன்றுவது இதனால்தான். கேடு திடீரென்று வந்ததன்று. முதலிருந்தே ஓசையின்றி நடந்துகொண்டிருந்தது.

பழைய எண்ணெய் இரண்டங்குலம் மிச்சமிருக்கும் கேனில் புதிய எண்ணெயை ஊற்றுவது எவ்வளவு பெரிய தவறு என்பது இப்பொழுது விளங்கும். நாம் பழையதைச் சிக்கனப்படுத்துவதாக எண்ணுகிறோம். உண்மையில் புதியதற்குப் பிரைமோர் ஊற்றுகிறோம். பழையதைத் தீர்த்து, கேனைச் சூடான சோப்பு நீரால் கழுவி, மூடியின் உட்திருகில் ஒட்டிய பிசுக்கையும் தேய்த்து எடுத்து, ஒரு துளி நீரும் இல்லாதவாறு உலர்த்திய பின்பே புதியதை ஊற்ற வேண்டும்.

கலத்தின் தன்மையும் கருதத்தக்கது. செம்பும் இரும்பும் இச்சிதைவை விரைவுபடுத்தும். அவற்றுள் செம்பு மிக முனைப்பானது. பித்தளையிலும் செம்பு உண்டு. ஈயம் பூசாத பித்தளைத் தூக்கிலும், துருப்பிடித்த தகர டின்னிலும் எண்ணெயை நெடுநாள் வைக்கலாகாது. எவர்சில்வர், பீங்கான் ஜாடி, அடர் நிறக் கண்ணாடிப் புட்டி ஆகியவை ஏற்றவை. ஒளியும் வெப்பமும் சேர்ந்தால் கேடு மேலும் விரையும். வெப்பம் பத்துப் பாகை ஏறினால் சிதைவின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது பொதுக் கணக்கு. அடுப்புக்கு மேலுள்ள தட்டும் சன்னல் ஓரமும் எண்ணெய்க்கு ஆகாத இடங்கள்.

செக்கு எண்ணெயை வெயிலில் வைத்துத் தெளியவைக்கும் பழக்கத்தைப் பற்றிப் பலர் கேட்பதுண்டு. ஆட்டும்போது செக்கில் சிறிது நீர் தெளிப்பது வழக்கம். அந்த நீரும் பிண்ணாக்குத் துகளும் அடியில் மண்டியாகத் தங்கும். அவற்றை நீக்காவிட்டால் எண்ணெய் கெடும். ஆகவே தெளியவைப்பது தேவைதான். ஆனால் கண்ணாடிப் புட்டியில் ஊற்றி நேர் வெயிலில் நிறுத்துவது ஒரு கேட்டை நீக்கி மற்றொரு கேட்டை வரவழைப்பதாகும். எவர்சில்வர்ப் பாத்திரத்தில் ஊற்றி, மூடி, வெதுவெதுப்பான நிழலில் மூன்று நாள் அசையாமல் வைத்திருந்து, மேலே தெளிந்ததை மட்டும் வடித்தெடுத்தால் போதும்.

நூறு கிலோ கடலையின் கணக்கு

சொந்த நிலத்தில் கடலை விளையும் வீடுகளிலும், அறுவடைக் காலத்தில் விலை இறங்கும்போது மூட்டையாக வாங்கும் வீடுகளிலும், ஆண்டுக்கு வேண்டிய எண்ணெய் முழுவதையும் ஒரே முறையில் ஆட்டி வைத்துவிடுவது வழக்கம். அதன் விளைவைக் கணக்கிட்டுப் பார்ப்போம்.

நால்வர் கொண்ட ஒரு குடும்பத்திற்கு மாதம் இரண்டரை லிட்டர்க் கடலை எண்ணெய் தேவை என்று கொள்வோம். ஆண்டுக்கு 30 லிட்டர். ஓட்டோடு கூடிய கடலைக்காய் 100 கிலோவை உடைத்தால் ஏறத்தாழ 70 கிலோ பருப்பு கிடைக்கும். செக்கில் பருப்பின் எடையில் 40 விழுக்காடு எண்ணெய் இறங்கினால் 28 கிலோ. ஒரு லிட்டர் எண்ணெய் ஏறத்தாழ 910 கிராம் எடையுள்ளதாதலால், அது 30 லிட்டருக்குச் சற்று மேல். ஆக, 100 கிலோ காய் அக்குடும்பத்தின் ஓராண்டுத் தேவை.

மார்கழியில் அதை முழுவதும் ஆட்டினால் வைகாசி வரும்போது ஏறக்குறைய பாதி, அதாவது பதினைந்து லிட்டருக்குக் குறையாமல், கோடை வெயிலைக் கடந்த எண்ணெயாகவே மிச்சமிருக்கும். கேன் காலியாகக் காலியாக மேலே காற்றின் அளவும் பெருகிக்கொண்டே போகும். வைட்டமின் ஈயின் காவல் தீர்வதும், வெப்பம் உச்சத்தை அடைவதும், கேனில் காற்று நிறைவதும் ஒரே காலத்தில் நிகழ்கின்றன. ஆடியில் வாடை எழுந்தால் மிஞ்சியிருக்கும் பத்துப் பன்னிரண்டு லிட்டரும் பயனற்றுப்போகும். அது முப்பத்தைந்து முதல் நாற்பது கிலோ காயின் இழப்பாகும்.

அதே 100 கிலோவை ஓட்டோடு வைத்திருந்தால் நிலைமை வேறு. ஓடும் செந்தோலும் பருப்பின் உயிரணுக்களும் எண்ணெயைக் காற்றினின்று பிரித்துக் காக்கின்றன. அவற்றினும் சிறந்த புட்டியை நம்மால் செய்ய இயலாது. இரண்டு மாதத்திற்கு ஒரு முறை 17 கிலோ அளவு காயை உடைத்தால் 12 கிலோ பருப்பும், அதிலிருந்து ஐந்து லிட்டர் எண்ணெயும் கிடைக்கும். மோட்டார் பூட்டிய மரச்செக்குகள் பலவற்றில் ஒரு முறை ஆட்டுவதற்கு அந்த அளவு போதுமானது. எந்த எண்ணெயும் இரண்டு மாதத்திற்கு மேல் வீட்டில் தங்காது.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. காய் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். காதருகே குலுக்கினால் பருப்பு கலகலவென்று ஒலிக்க வேண்டும். பருப்பை விரலால் தேய்த்தால் செந்தோல் எளிதில் உரிய வேண்டும். மூட்டைகளைத் தரையிலோ சுவரை ஒட்டியோ அடுக்காமல் பலகைமீது அடுக்க வேண்டும். ஓடு உடைந்த காய்களையும் சுருங்கிய பருப்புகளையும் முதலிலேயே பிரித்தெடுத்துவிட வேண்டும். காறலும் பூசணமும் அங்கிருந்தே தொடங்கும். பூசணம் பிடித்த கடலையில் அஃப்ளாடாக்சின் என்னும் நஞ்சு இருக்கக்கூடும். அதற்கு வாடையும் இல்லை, சுவையும் இல்லை. செக்கில் ஆட்டினால் எண்ணெயோடும் சிறிது வந்துவிடும். ஆகவே வாடை இல்லை என்பதை வைத்துப் பூசணக் கடலையை ஏற்றுக்கொள்ளலாகாது.

விதைத் தேர்வாலும் இக்கேட்டைக் குறைக்க இயலும் என்பதை அண்மை ஆண்டுகளின் ஆராய்ச்சி காட்டியிருக்கிறது. ஜுனாகத்திலுள்ள நிலக்கடலை ஆராய்ச்சி நிறுவனமும் ஐதராபாத்தை அடுத்த இக்ரிசாட் நிறுவனமும் சேர்ந்து கிர்நார் 4, கிர்நார் 5 என்னும் ரகங்களை வெளியிட்டுள்ளன. வழக்கமான கடலை எண்ணெயில் காற்றை ஓரளவு தாங்கும் ஓலிக் அமிலம் பாதியளவே இருக்க, இவற்றில் அது ஏறத்தாழ 80 விழுக்காடு. எளிதில் சிதையும் லினோலிக் அமிலம் அந்த அளவுக்குக் குறைந்துவிடுவதால் எண்ணெயும் வறுத்த பருப்பும் நெடுநாள் தாங்குகின்றன.

மாவு: அரைத்த கணத்தில் தொடங்கும் கேடு

மாவிலும் எண்ணெய் இருக்கிறது என்பதை நாம் எண்ணுவதில்லை. தானியத்தின் முளையிலும் தவிட்டிலும் எண்ணெய் ஓர் அறையிலும், அதைப் பிளக்கும் லைபேஸ் என்னும் நொதி மற்றோர் அறையிலுமாக இருக்கின்றன. முழுத் தானியமாக உள்ளவரை அவை சந்திப்பதில்லை. எனவே கம்பு மாதக்கணக்கில் கெடாமல் இருக்கும். அரவை எந்திரம் அந்தச் சுவர்களை நொறுக்கி இரண்டையும் கலந்துவிடுகிறது. அக்கணம் முதல் அமிலம் விடுபடத் தொடங்குகிறது. விடுபட்ட அமிலத்தைக் காற்றும் பற்றுகிறது.

எனவே எந்த மாவு விரைவில் கெடும் என்பதை அதன் கொழுப்பைக் கொண்டு ஊகிக்கலாம். ராகியில் கொழுப்பு 1.5 விழுக்காட்டளவே, ஆகவே சங்கடிக்கு அரைத்த மாவு சில வாரங்கள் தாங்கும். கம்பில் 5 விழுக்காட்டளவு உண்டு. அதன் நொதியும் வலியது. கோடையில் ஒரு வாரம், பத்து நாளுக்குள் கம்பு மாவு கசந்துவிடும். முளையும் தவிடும் நீக்கிய மைதா, முழுக் கோதுமை மாவைவிட நெடுநாள் தாங்குவதும் இக்காரணம் பற்றியே.

மாவைச் சோதிக்க ஒரு தேக்கரண்டி மாவைச் சூடான நீரில் குழைத்து, ஐந்து நிமிடம் மூடி வைத்துத் திறந்து முகர வேண்டும். நாவில் இட்டால் இனிப்பு முதலில் தோன்றிக் கசப்பு கடைசியில் நின்றால் மாவு கெடத் தொடங்கிவிட்டது.

கம்பு மாவுக்கு எளிய காப்பு ஒன்று உண்டு. நொதி பெரும்பாலும் தானியத்தின் வெளிப்பகுதியிலும் முளையிலும் இருப்பதால் சிறிது நேர வெப்பமே அதைச் செயலிழக்கச் செய்யும். அகன்ற பாத்திரத்தில் நீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு, ஒரு கிலோ கம்பை மெல்லிய துணியில் தளர்வாகக் கட்டி, அரை நிமிடம் அமிழ்த்தி எடுத்து, உடனே பரப்பி, இரண்டு நாள் வெயிலில் சரசரவென்று உலர்த்தி அரைக்க வேண்டும். அவ்வாறு அரைத்த மாவு மூன்று வாரம் வரை கசக்காமல் இருக்கும். உலர்த்துவது குறைந்தால் பூசணம் பிடிக்கும். அவ்வாறாயின் செய்யாமல் விடுவதே மேல்.

அரவைக் கூடத்திலிருந்து வரும் மாவு சூடாக இருக்கும். அதை அப்படியே டப்பாவில் அடைத்து மூடினால் மூடியின் உட்புறம் நீர்த்துளி படியும். அந்த ஈரம் நொதிக்கு ஊட்டம். தாள் விரித்துப் பரப்பி, முற்றிலும் ஆறிய பின்பே அடைக்க வேண்டும். குளிர்பெட்டியில் வைப்பதாயின் காற்றுப் புகாத டப்பாவில் வைத்து, வெளியே எடுத்ததும் உடனே திறவாமல், அறையின் வெப்பத்திற்கு வந்த பிறகே திறக்க வேண்டும். இல்லையேல் காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த மாவின்மேல் படிந்துவிடும். மழைக்காலத்தில் பதினைந்து நாள் தேவைக்கு மேல் அரைத்து வைக்காதிருப்பதே யாவற்றினும் எளிய வழி.

கெட்டபின் என்ன செய்வது?

காறிப்போன எண்ணெயில் புளி உருண்டையையோ எலுமிச்சைத் துண்டையோ போட்டுக் காய்ச்சினால் வாடை குறைவதைக் காண்கிறோம். ஆவியாகும் பொருள்களில் ஒரு பகுதி சூட்டில் வெளியேறுவதே அதற்குக் காரணம். எண்ணெயின் சிதைவு அதனால் நிற்பதில்லை. மாறாக, காய்ச்சிய வெப்பம் அதை விரைவுபடுத்துகிறது. சில நாளில் வாடை முன்னிலும் மிகுந்து திரும்பும். நல்ல எண்ணெயோடு கலந்து தீர்த்துவிடலாம் என்பதும் நல்லதையும் இழக்கும் வழியே.

தெரியாமல் ஒரு வேளை உண்டுவிட்டதால் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் வாடை தெரிந்த எண்ணெயைத் தொடர்ந்து சமையலுக்குப் பயன்படுத்துவது நன்றன்று. அதில் வைட்டமின் ஈயும் அழிந்திருக்கும். பூசணம் கலவாத எண்ணெயாயின் விளக்குக்குப் பயன்படுத்தலாம். கீல், தாழ்ப்பாள், கத்தரிக்கோல் முதலியவற்றுக்கும் இடலாம். சோப்புச் செய்பவர்க்கு விடுபட்ட அமிலம் குறையன்று. கசந்த மாவைப் பசை காய்ச்சலாம். மக்கல் வாடை வீசும் மாவையும் பூசணம் படர்ந்த கடலையையும் மாட்டுக்கும் கோழிக்கும் இடலாகாது. அந்த நஞ்சு அவற்றையும் தாக்கும், பாலின் வழியே நம்மிடமும் திரும்பும்.

தொடக்கத்தில் திறந்த அலமாரிக்கு மீண்டும் வருவோம். மேல்தட்டிலுள்ள தேங்காய் எண்ணெய்ப் புட்டிக்குள் ஈரக்கை போகாதிருக்கட்டும். பாதி காலியான ஐந்து லிட்டர்க் கேனில் இருப்பதை, கழுத்துவரை நிறையும் சிறு புட்டிகளில் மாற்றி, இருண்ட கீழ்த்தட்டில் வைப்போம். கம்பைத் தானியமாகவே வைத்து, வாரத்துக்கு வேண்டியதை மட்டும் அரைப்போம். ஒவ்வொரு கலத்தின்மீதும் நிரப்பிய நாளை ஒரு துண்டுத் தாளில் எழுதி ஒட்டுவோம். மூக்கு பழகிப்போனாலும் அந்தத் தேதி நமக்கு உண்மையைச் சொல்லும்.